எட்டு நாள் கணக்கு

துவாக்குடி பக்கத்துப் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் ஒரு விதியைத் தயங்காமல் சொல்வார்கள்: லீவு முடிந்து எட்டு நாள் ஆனால் பேரை வெட்டிவிடுவார்கள். மத்திய அரசு அலுவலகத்தில் இருப்பவர், ஐந்து வருடம் வரை ஒன்றும் ஆகாது என்பார். வங்கி ஊழியர் தொண்ணூறு நாள் என்பார். மூன்று கணக்கும் எங்கோ எழுதப்பட்டிருப்பவைதான், ஆனால் மூன்றையும் அவர்கள் புரிந்துகொண்டிருக்கும் விதம் தவறு. எட்டாம் நாள் விடிந்ததும் வேலை தானாகப் போய்விடுவதில்லை. ஐந்தாம் வருடம் வரை வேலை பத்திரமாக இருப்பதும் இல்லை.

இந்தக் கேள்வி எல்லோருக்கும் உரியதுதான் என்றாலும், பச்சைமலைக்காரர்களுக்கு அது கூடுதலாக உறைக்கும். துறையூரிலிருந்து மலையேறி டாப் செங்காட்டுப்பட்டியையும் தாண்டி உள்ளே இருக்கும் ஊர்களில் பிறந்த பையன்கள் இன்று திருச்சிப் பட்டறைகளுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஊரில் ஒரு சாவு, ஒரு நோம்பி, அம்மாவுக்குக் காய்ச்சல் என்று நான்கு நாள் லீவு சொல்லி வருகிறவர்கள், பல காரணங்களால் இரண்டு மூன்று வாரம் தங்கிவிடுவதுண்டு. செல்போன் கோபுரம் எட்டாத இடத்தில் இருந்துகொண்டு "நாளைக்கு வர முடியாது" என்று சொல்வதே ஒரு வேலை. நிர்வாகம் அனுப்பும் கடிதம் மேலே வந்து சேர்வது இன்னொரு வேலை. திரும்பிப் போகும்போது வாசல் காவலர், "உன் பேரு லிஸ்ட்ல இல்ல" என்கிறார். அங்கேயே திரும்பி நடந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் திரும்பி நடந்திருக்க வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எட்டு நாள் எங்கிருந்து வந்தது? 1946ஆம் ஆண்டின் தொழில் நிறுவன வேலைவாய்ப்பு (நிலையாணைகள்) சட்டம், ஆலைகள் தங்கள் வேலை நிபந்தனைகளை எழுதி அதிகாரியிடம் சான்று பெற வேண்டும் என்றது. அதற்கு முன்மாதிரியாக மத்திய அரசு ஒரு மாதிரி நிலையாணையையும் வெளியிட்டது. அதன் விடுப்புப் பிரிவில், அனுமதித்த விடுப்பையோ நீட்டித்த விடுப்பையோ தாண்டித் தங்கும் தொழிலாளி, விடுப்பு முடிந்த எட்டு நாளுக்குள் திரும்பி வந்து, முன்பே வர முடியாமல் போனதற்கு நிர்வாகம் ஏற்கும்படி காரணமும் சொன்னால் ஒழிய, அந்த வேலையின் மீதான லியனை இழப்பார் என்று இருக்கிறது. அலுவலகங்களில் லியன் என்று சொல்லப்படுவது, ஓர் இடம் தனக்கு உரியது என்று கேட்கும் பாத்தியதை.

அதே பிரிவின் கடைசி வரியைத்தான் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. லியனை இழந்தவர் பதிலிப் பட்டியலில் சேர்க்கப்பட உரியவர் என்கிறது அது. அதாவது அந்த மாதிரி விதியை எழுதியவர்களே ஆளை வெளியே தள்ளச் சொல்லவில்லை. நிரந்தர இடம் போகும், ஆளுக்கு ஆலையில் ஒரு கால் வைக்க இடம் இருக்கும். ஆனால் தனித்தனி ஆலைகள் தங்கள் நிலையாணையை எழுதியபோது அந்தக் கடைசி வரியைப் பல இடங்களில் விட்டுவிட்டு, "தானே வேலையை விட்டு நின்றவராகக் கருதப்படுவார்" என்று எழுதிக்கொண்டன. பிறகு நடந்த வழக்குகள் முழுக்க அந்தக் "கருதப்படுவார்" என்ற சொல்லின் மேல்தான்.

அந்த வழக்குகளில் முக்கியமான ஒன்று தமிழ்நாட்டு வழக்கு. சென்னை பெரம்பூரில் இருந்த பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக் ஆலையை, ஊர் பின்னி மில் என்று அழைத்தது. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த ஆலையின் தொழிலாளர்களை வைத்துத்தான் வளர்ந்தது. வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய கூட்டங்களுக்கு வந்தவர்கள் அவர்கள். அத்தனை வலுவான சங்கம் இருந்த ஆலையில், 1957 ஜனவரியில் ஒரு தொழிலாளி சில நாள் லீவு வாங்கிக்கொண்டு ஆந்திரப் பக்கம் தன் ஊருக்குப் போனார். லீவு முடிந்தது, ஆள் வரவில்லை. நீட்டிப்பும் கேட்கவில்லை. மார்ச் மாதம்தான் கடிதம் வந்தது: காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து படுத்துவிட்டேன், இதோ அரசு மருத்துவரின் சான்று. ஆலை அவரைத் தன் மருத்துவ அதிகாரியிடம் அனுப்பியது. இத்தனை வாரம் நோயில் கிடந்தார் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் அவர். ஆலையின் நிலையாணை 8(ii), விடுப்பில்லாமல் தொடர்ந்து எட்டு வேலைநாள் வராதவர் முன்னறிவிப்பின்றி வேலையை விட்டவராகக் கருதப்படுவார் என்றது. நிர்வாகம் ஏற்கும் விளக்கம் தந்தால் அந்த நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாக மாற்றலாம் என்றும் அது சொன்னது. நிர்வாகம் விளக்கத்தை ஏற்கவில்லை.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1963இல் நீதிபதி கஜேந்திரகட்கர் எழுதிய தீர்ப்பு ஆலையின் பக்கம் நின்றது. வேலையை விட்டுவிட்டார் என்பது பொதுவாக மனநோக்கத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான். ஆனால் இரு தரப்பும் ஏற்ற, சான்று பெற்ற நிலையாணை ஒன்று அதற்கு விதி வகுத்துவிட்டால், பொதுக் கோட்பாடுகளைக் கொண்டுவந்து அதைத் தளர்த்த முடியாது என்றது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு, நோய்க்கால உதவித்தொகை பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்றது. அதுவும் இங்கே உதவவில்லை. முதலாளி எடுக்கும் தண்டனை நடவடிக்கையைத்தான் அந்தப் பிரிவு தடுக்கிறது, நிலையாணையின்படி தானாக முடிந்துபோகும் வேலையை அல்ல என்று நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். வேலை தானாக முடிந்தது என்கிறார்கள். ஆனால் அந்த விளக்கத்தைப் போதாது என்று தள்ளியது ஒரு மனிதர், ஒரு மேசை, ஒரு கையெழுத்து. அங்கே ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. முடிவு எடுக்கப்பட்ட இடத்தில் அதற்கு முன்னால் கேட்டாரா, விசாரித்தாரா என்ற கேள்வி எழாமல் போகாது. பின்னி வழக்கில் அது எழவில்லை, அல்லது எழுப்பப்படவில்லை. முப்பது வருடம் கழித்து உச்ச நீதிமன்றமே அந்தத் தீர்ப்பை ஒதுக்கி வைக்க அந்த இடைவெளிதான் வழியாயிற்று.

அதற்கு முன்னால் அரசு ஊழியர்களுக்கு வழி பிறந்துவிட்டது. ஜோத்பூர் மத்திய சிறையில் தலைமைக் காவலராக இருந்த ஒருவர் 1950 ஏப்ரலில் இரண்டு மாத விடுப்பில் போனார். உடல்நலமில்லை என்று நீட்டிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். விடுப்பு முடிந்து ஒரு மாதம் அனுமதியில்லாமல் வராதவர் தன் பதவியைத் துறந்தவராகக் கருதப்படுவார் என்ற விதியைக் காட்டி அவரை விலக்கினார்கள். ராஜஸ்தான் அரசு சொன்ன வாதம், நாங்கள் நீக்கவில்லை, அவராகவே பதவியைத் துறந்துகொண்டார் என்பது. ஜெய்சங்கர் வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், 1960களின் நடுவில், ஐந்து நீதிபதிகள் அமர்ந்து அந்த வாதத்தைத் தள்ளினார்கள். தொடர்ந்து வேலை செய்ய விரும்பும் ஒருவரை வேலைக்கு வராதே என்று சொன்னால், விதி அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும், அது பதவி நீக்கம்தான். பதவி நீக்கம் என்றால் அரசமைப்புச் சட்டத்தின் 311ஆம் பிரிவின்படி காரணம் காட்ட வாய்ப்புத் தர வேண்டும். 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கு, பீகாரில் இருந்த ஐந்து வருட விதிக்கும் இதையே சொன்னது. ஐந்து வருடம் கடந்தால் வேலை தானாக அற்றுப்போகும் என்ற விதியைக் காட்டி, வாய்ப்புத் தராமல் ஒருவரை விலக்கியது செல்லாது.

அரசு ஊழியர்கள் அடிக்கடி சொல்லும் ஐந்து வருடக் கணக்கை இங்கே விளக்கிவிடுகிறேன். மத்திய அரசின் 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளில் 12ஆம் விதி, விடுப்போடோ விடுப்பில்லாமலோ ஐந்து வருடத்துக்கு மேல் பணிக்கு வராதவர் ராஜினாமா செய்தவராகக் கருதப்படுவார் என்கிறது. வெளிப்பணியில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. அப்படிக் கருதுவதற்கு முன்னால் காரணம் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. இது ஓர் எல்லைக்கோடு, அதுவரை யாரும் தொடக்கூடாது என்ற பாதுகாப்பு அல்ல. அதே விதிகளின் 25ஆம் விதி, விடுப்பு முடிந்த மறுநாளிலிருந்தே விடுப்புச் சம்பளம் கிடையாது என்கிறது. வேண்டுமென்றே வராமல் இருப்பது ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியது என்றும் சொல்கிறது. ஆகவே பத்தாம் நாளிலும் குறிப்பாணை வரலாம். வந்தால் ஐந்து வருடக் கணக்கைக் காட்டித் தப்ப முடியாது. மாநில அரசு ஊழியருக்கும் ஆசிரியருக்கும் அவரவர் விதிப்புத்தகம் தனி. ஆனால் கேட்காமல் நீக்கக் கூடாது என்ற அடிப்படை அவர்களுக்கும் பொருந்தும்.

தனியார் ஆலைத் தொழிலாளிக்கு 311ஆம் பிரிவு கிடையாது. அவருக்கு வழி திறந்தது 1993இல்.

ஹரியானாவில் ஜே.எம்.ஏ. இண்டஸ்ட்ரீஸ் என்ற ஆலை. எட்டு நாளுக்கு மேல் வரவில்லை, நிலையாணைப்படி உன் வேலை தானாக முடிந்தது என்று ஒரு தொழிலாளிக்குக் கடிதம் போயிற்று. தொழிலாளி சொன்ன கதை நேர்மாறானது: 1980 டிசம்பர் 3 முதல் நான் தினமும் வாசலுக்கு வந்தேன், உள்ளே விடவில்லை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவும் விடவில்லை. இந்த வழக்கைப் பின்னி வழக்கோடு சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் தானியங்கி விதியின் ஆபத்து முழுதாகத் தெரியும். வாசலை அடைத்துவிட்டு எட்டு நாள் காத்திருந்தால் போதும், யாரையும் "தானே வேலையை விட்டவர்" ஆக்கிவிடலாம். அவர் வந்தாரா வரவில்லையா என்பதே சர்ச்சை. அதை விசாரிக்காமல் நாட்காட்டியைப் பார்த்து எப்படித் தீர்ப்பது?

மூன்று நீதிபதிகள் அமர்ந்த அந்த டி.கே. யாதவ் வழக்கில் நீதிபதி கே. ராமசாமி எழுதிய தீர்ப்பு, பிழைப்பு என்பது வாழ்வுரிமையின் பகுதி, அதைப் பறிக்கும் முறை நியாயமாக இருக்க வேண்டும் என்றது. நிலையாணையில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆளைக் கேட்டு, உள்விசாரணை நடத்தித்தான் வேலையை முடிக்க வேண்டும். பின்னி வழக்கில் இயற்கை நீதிக் கேள்வி எழவே இல்லை என்று சொல்லி அந்தத் தீர்ப்பு விலக்கி வைக்கப்பட்டது. தொழிலாளிக்கு மறுபடியும் வேலையும், இடைக்காலச் சம்பளத்தில் பாதியும் கிடைத்தன. முழுச் சம்பளம் கிடைக்கவில்லை, ஏனென்றால் பிழை இரு பக்கமும் இருந்ததாக நீதிமன்றம் கருதியது. அதன்பின் 1998இல் அப்ட்ரான் வழக்கில், விடுப்பைத் தாண்டித் தங்கினால் வேலை தானாக முடியும் என்ற நிலையாணை விதியே, வாய்ப்புத் தருவதைத் தன்னுள் கொண்டிராவிட்டால், மோசமான விதி என்றார்கள்.

இதற்குத் துணையாக இன்னொரு நூலும் ஓடுகிறது. வராததைக் காரணம் காட்டிப் பேரை வெட்டுவதும் ஆட்குறைப்புதான் என்று 1982இல் தென்னக ரயில்வே தொழிலாளி ஒருவரின் வழக்கில் முடிவாயிற்று. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடும் தர வேண்டும். நிலையாணை இல்லாத சின்னப் பட்டறைத் தொழிலாளிக்குக் கையில் இருக்கும் பிடி பெரும்பாலும் இதுதான்.

இவ்வளவு படித்தபின், அப்படியானால் எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருந்துவிட்டு வரலாம் போலிருக்கிறதே என்று தோன்றினால், அது எட்டு நாள் பயத்தைவிட ஆபத்தான எண்ணம். வங்கி வழக்குகளும் அலிகார் வழக்கும் அதைக் காட்டுகின்றன.

வங்கித் தொழிற்சங்கங்களும் நிர்வாகங்களும் கையெழுத்திட்ட இருதரப்பு ஒப்பந்தத்தில், விடுப்பைத் தாண்டித் தொடர்ந்து தொண்ணூறு நாள் வராதவருக்கு, முப்பது நாளுக்குள் வந்து சேருங்கள் என்று அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் வராமலும், ஏற்கத்தக்க விளக்கம் தராமலும் இருந்தால் தானாக விருப்ப ஓய்வு பெற்றவராகக் கருதலாம் என்று இருந்தது. 2000இல் சிண்டிகேட் வங்கி வழக்கு உச்ச நீதிமன்றம் வந்தபோது, பதிவுத் தபாலில் போன அறிவிப்பு, பெற மறுத்துவிட்டார் என்ற குறிப்போடு திரும்பியிருந்தது. மறுத்தால் பெற்றதாகத்தான் பொருள் என்றது நீதிமன்றம். கேட்டாகிவிட்டது, பதில் வரவில்லை, இனித் தனி விசாரணை எதற்கு என்று வங்கியின் முடிவை ஏற்றது. யாதவ் வழக்குக்கும் இதற்கும் முரண்பாடு இருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே கேட்கவில்லை, இங்கே கேட்டார்கள். தொண்ணூறு நாளும் எட்டு நாளும் எண்ணிக்கையில்தான் வேறு. வழக்கை முடித்தது எண்ணிக்கை அல்ல, அறிவிப்பும் அதற்குக் கிடைத்த மௌனமும்.

அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழக வழக்கு இன்னும் கடுமையானது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் விமானம் ஏறும் திருச்சிக்காரர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வக உதவியாளர் ஒருவர் லிபியாவில் வேலை கிடைத்து இரண்டு வருட விடுப்பில் போனார். பின்னர் மேலும் மூன்று வருடம் கேட்டார். பல்கலைக்கழகம் ஒரு வருடம் மட்டும் தந்து, இதற்கு மேல் நீட்டிப்பு இல்லை என்று முன்கூட்டியே எழுதிவிட்டது. அவர் வரவில்லை. பதவியைக் காலி செய்தவராகக் கருதினார்கள். கடைசிக் கட்டத்தில் அறிவிப்புத் தரவில்லை என்பது உண்மை. இருந்தும் 2000இல் உச்ச நீதிமன்றம், அறிவிப்புத் தந்திருந்தாலும் அவரால் சொல்ல வேறெதுவும் இருந்திருக்காது, அங்கே ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வேலையில் இருந்தவருக்கு இதனால் ஒரு பாதகமும் நேரவில்லை என்று தள்ளிவிட்டது. வேறிடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு இங்கே இடம் பிடித்து வைத்திருப்பவரிடம் நீதிமன்றங்களுக்கு இரக்கம் குறைவு. நோயில் கிடந்தவரிடம் அது இருக்கிறது.

2012இல் கிருஷ்ணகாந்த் பார்மர் வழக்கு இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னது. வராமல் இருந்தது என்பது மட்டும் ஒழுங்கீனம் ஆகாது, வேண்டுமென்றே வராமல் இருந்தார் என்று நிர்வாகம் நிறுவ வேண்டும்; நோய், விபத்து, மருத்துவமனை போன்ற தன் கையில் இல்லாத காரணம் இருந்தால் அதைக் கடமையில் பற்றில்லாமை என்று கூற முடியாது. ஆனால் 2006இல் வடகிழக்குக் கர்நாடகச் சாலைப் போக்குவரத்துக் கழக ஊழியர் ஒருவர் மூன்று வருடத்துக்கு மேல் வராமல் இருந்ததற்கு, விசாரணை நடத்தித் தந்த பணி நீக்கத்தை உச்ச நீதிமன்றம் அப்படியே உறுதி செய்தது. ஆள் வராவிட்டால் பஸ் ஓடாது. நீண்ட காலம் வராமல் இருப்பதைச் சின்னக் குற்றம் என்று தள்ளிவிட முடியாது என்றது.

இனி ஒரு மாதிரிக் கதையை வைத்துப் படிப்படியாகப் பார்ப்போம். பச்சைமலையைச் சேர்ந்த வெல்டர் ஒருவர், திருச்சியில் கொதிகலன் பாகம் செய்யும் பட்டறையில் மூன்று வருடமாக வேலை. ஆறு நாள் லீவில் ஊருக்குப் போகிறார். நான்காம் நாள் காய்ச்சல், மஞ்சள் காமாலை. துறையூர் அரசு மருத்துவமனைக்குக் கூட்டி வருகிறார்கள். லீவு முடிந்து பதினெட்டாம் நாள் வேலைக்குப் போகிறார். வாசலில் நிறுத்துகிறார்கள்.

இவருடைய வழக்கின் பாதி, லீவு முடிவதற்கு முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கிய அன்றே சூப்பர்வைசருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி: உடம்பு சரியில்லை, இன்ன தேதி வரை நீட்டிப்பு வேண்டும். அதோடு தபால் நிலையத்திலிருந்து நிர்வாகத்துக்கு ஒரு பக்கக் கடிதம், ரசீது கிடைக்கும் தபாலில். கடிதத்தில் தான் இப்போது இருக்கும் ஊரின் முழு முகவரி அவசியம். நிர்வாகம் தன் பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் மெமோ அனுப்பும். அது திருச்சியில் எப்போதோ காலி செய்த வாடகை அறையாக இருந்தால், அங்கே போன கடிதமே உங்களுக்குச் சேர்ந்ததாகக் கருதப்பட இடம் உண்டு. மலை ஊர்க்காரர்கள் இழக்கும் வழக்குகளில் காரணம் பல நேரம் இந்த முகவரிதான்.

மருத்துவச் சான்றில் மூன்று தேதிகள் இருக்க வேண்டும்: எப்போது சிகிச்சைக்கு வந்தார், எதுவரை ஓய்வு, எந்த நாளிலிருந்து வேலைக்குத் தகுதி. குணமான பிறகு ஒரே நாளில் மொத்தமாக எழுதி வாங்கிய சான்றைத்தான் நிர்வாகங்கள் சந்தேகிக்கின்றன. பின்னி ஆலைத் தொழிலாளி சறுக்கியதும் அந்த இடத்தில்தான்: வாரக்கணக்கில் ஒரு செய்தியும் இல்லை, கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரு தாள். வெளிநோயாளிச் சீட்டு, ரத்தப் பரிசோதனை அறிக்கை, மருந்துக் கடை ரசீது ஆகியவை அந்தச் சான்றுக்கு உயிர் தருகின்றன. ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் முடிந்தவரை அந்த மருந்தகத்திலேயே சான்று பெற வேண்டும். வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் எழுபது விழுக்காடு உதவித்தொகை கிடைக்கும். அந்தத் தொகை வாங்கிய காலத்தில் தண்டனை நடவடிக்கைக்குத் தடையும் உண்டு.

வாசலில் நிறுத்தினால் அன்றே எழுதிவிட வேண்டும். "இன்று இத்தனை மணிக்கு வேலைக்கு வந்தேன், அனுமதிக்கவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று நிர்வாகத்துக்கு மின்னஞ்சலோ தபாலோ அனுப்ப வேண்டும். அதன் ஒரு படியைத் தொழிலாளர் துறைக்கும் தர வேண்டும். யாதவ் வழக்கில் தொழிலாளி தினமும் வாசலுக்கு வந்தேன் என்றார், நிர்வாகம் வரவில்லை என்றது. அந்தச் சர்ச்சையை இன்று ஒரு பக்கக் கடிதம் தீர்த்துவிடும். வேலையை விட்டுவிட்டார் என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல மறுப்பு இல்லை. விட்டுப் போக நினைத்தவர் யாரும் வேலை கொடு என்று எழுதமாட்டார்.

நிர்வாகம் மெமோ அனுப்பினால் பதில் எழுதியே ஆக வேண்டும். விசாரணைக்கு அழைத்தால் போக வேண்டும். போகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக முடித்துவிடுவார்கள், அது செல்லவும் செல்லும். நிர்வாகம் "ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் புதுசாகச் சேர்ந்துகொள்" என்று சொன்னால் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த ஒரு கையெழுத்தில் மூன்று வருடச் சேவையும், அதைச் சார்ந்த பணிக்கொடைக் கணக்கும், ஆட்குறைப்பு இழப்பீடும் சேர்ந்து போகும்.

நிர்வாகத்தின் பக்கமும் நியாயம் உண்டு. ஆள் வராத இடத்தில் வேலை நிற்கிறது, ஒப்பந்தத் தேதி தவறுகிறது. அவர்களுக்குச் சட்டம் கேட்பது அதிகமில்லை. தெரிந்த எல்லா முகவரிக்கும், தொலைபேசிக்கும், வந்து சேருங்கள் என்று ஓர் அறிவிப்பு. பதில் தர நியாயமான கால அவகாசம். பதில் வந்தால் அதைப் படித்துப் பார்த்து எழுத்தில் முடிவு. குற்றம் சாட்டினால் விசாரணை. இதைச் செய்த நிர்வாகங்கள் பெரும்பாலும் வெல்கின்றன. செய்யாமல் பேரை வெட்டியவைதான் வருடக்கணக்கில் வழக்காடி, கடைசியில் வேலை செய்யாத காலத்துக்கும் சம்பளம் கொடுக்கின்றன.

ஒப்பந்தக்காரர் மூலம் வேலைக்குப் போகிறவர்களின் நிலை இதைவிடப் பலவீனமானது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர்களுக்கு முதலாளி யார் என்பதே முதல் சர்ச்சை. நியமனக் கடிதம் இராது, லீவு விண்ணப்பமும் இராது. பி.எஃப். எண்ணும் ஈ.எஸ்.ஐ. அட்டையும் வங்கியில் விழுந்த சம்பளமும்தான் அவர்கள் அங்கே வேலை செய்ததற்குச் சாட்சி. மலையிலிருந்து இறங்கும் பையன்களில் பலர் இந்த வகை என்பதால், நான் மேலே எழுதிய தீர்ப்புகள் அவர்களுக்கு எட்டுவது கடினம். நீதிமன்றங்கள் தந்ததை ஒப்பந்தமுறை இப்படிப் பின்வாசல் வழியே எடுத்துக்கொள்வது நம் காலத்தின் பெரிய அநீதி.

சட்டமும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நிலையாணை கட்டாயம் என்ற வரம்பை அது நூறு தொழிலாளரிலிருந்து முந்நூறுக்கு உயர்த்திவிட்டது. நடுத்தர ஆலைகளில் எழுதப்பட்ட விடுப்பு விதியே இல்லாமல் போகலாம். அங்கே கேட்காமல் நீக்கக் கூடாது என்ற நீதிமன்றக் கொள்கையையும் ஆட்குறைப்புப் பிரிவையும்தான் தொழிலாளி நம்ப வேண்டியிருக்கும்.

வேலை மறுக்கப்பட்டால் அடுத்த படி திருச்சியில் உள்ள தொழிலாளர் துறையின் சமரச அலுவலர். அவரிடம் மனுக் கொடுத்து நாற்பத்தைந்து நாளில் தீராவிட்டால் தொழிலாளி தானே நேரடியாக வழக்குத் தொடரலாம், சங்கத்தின் கையெழுத்துத் தேவையில்லை. பழைய சட்டத்தில் இதற்கு மூன்று வருட கால வரம்பு இருந்தது. புதிய தொகுப்பில் அது இரண்டு வருடம். வாசலில் பேரில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தத் தேதியை எழுதி வைத்துக்கொண்டு இந்த வாரமே மனுவைக் கொடுத்துவிடுங்கள்.